பகல் நித்திரைக்கு இரண்டு இடங்கள்
வேலைக்குத் திரும்பும் தாய்மாரும் நேர்சரிக்குச் செல்லும் குழந்தைகளும்

மகப்பேற்று விடுமுறை முடிந்து தாய் வேலைக்குத் திரும்பும் முதல் மாதத்தில், இலண்டனில் வாழும் எமது குடும்பங்கள் பலவற்றில் ஒரே முறைப்பாடு எழுவதை நாம் கேட்டு வருகின்றோம். "வீட்டில் இருந்தபோது பிள்ளை ஒழுங்காக நித்திரை கொண்டது. நேர்சரிக்கு விட்ட நாள் தொட்டு இரவு முழுவதும் எழும்புகின்றது. அங்கே சரியாகப் பார்க்கிறார்கள் இல்லைப்போலும்." சில வீடுகளில் இந்த முறைப்பாடு தாயின் வேலையையே கேள்விக்குள்ளாக்கிவிடுகின்றது. இரண்டு சம்பளம் இல்லாமல் வாடகை கட்ட முடியாத நகரம் இது. எனவே, வேலையை விடுவதற்கு முன்னர் பிள்ளையின் நித்திரையில் உண்மையில் என்ன நடக்கின்றது என்பதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்பது நன்று.

இங்கிலாந்தில் தொழில் புரியும் தாய் ஒருவருக்கு 52 வாரங்கள் வரை மகப்பேற்று விடுமுறை உண்டு. ஆனால் சட்டப்படியான கொடுப்பனவு 39 வாரங்களுடன் முடிந்துவிடுகின்றது. தொழில் புரியும் பெற்றோருக்கான அரச உதவியுடனான பராமரிப்பு மணித்தியாலங்கள் 2024 செப்டெம்பரிலிருந்து ஒன்பது மாதக் குழந்தைகளுக்கும் வழங்கப்படுகின்றன. 2025 செப்டெம்பரில் அவை, பாடசாலைத் தவணைக் காலங்களில், வாரம் 30 ஆக உயர்ந்தன. (வருமான நிபந்தனையும் குடிவரவு நிபந்தனையும் இதற்கு உண்டு. பொது நிதியுதவி பெற முடியாது என்ற நிபந்தனையுடன் விசா வைத்திருப்பவர்கள் விண்ணப்பிக்கு முன் ஆலோசனை பெறுதல் அவசியம்.) இவற்றின் விளைவாக எமது பிள்ளைகளிற் பலர் ஒன்பது மாதத்திற்கும் பன்னிரண்டு மாதத்திற்கும் இடையில் நேர்சரி வாசலை மிதிக்கின்றனர். தாயைப் பிரிய மறுத்து அழும் இயல்பு எட்டாம் மாதமளவில் தோன்றி, ஒன்றரை வயது வரை வலுவாக இருக்கும். பகலில் இரு தடவை நித்திரை தேவைப்படும் வயதும் இதுவே. ஆக, மிகவும் இக்கட்டான பருவத்திலேயே இந்த மாற்றம் நிகழ்கின்றது.

ஏணையும் கட்டிலும்

எமது வீடுகளில் குழந்தை நித்திரையாகும் விதத்தை முதலில் நோக்குவோம். பழைய நூற்சேலையில் கட்டிய ஏணை, அல்லது அம்மம்மாவின் மடி, அல்லது தாயின் மார்பு, கூடவே ஒரு தாலாட்டு. குழந்தை அசைவிலே கண்ணயர்கின்றது. நேர்சரியில் இருப்பதோ அசையாத சிறு கட்டில். ஆங்கில நாட்டுப் பராமரிப்பு நிலையங்கள், குழந்தைகளைத் தூங்க வைக்கும்போது அரசின் பாதுகாப்பு வழிகாட்டலைப் பின்பற்றக் கடமைப்பட்டவை. மல்லாந்த நிலை, சமதளமான உறுதியான மெத்தை, தலையணையோ தளர்ந்த துணியோ இல்லாத கட்டில் என்பவை அவ்வழிகாட்டலின் சாரம். இதற்குப் பின்னே ஒரு துயர வரலாறு உண்டு. 1991இல் பிரித்தானியாவில் குழந்தைகளை மல்லாத்திக் கிடத்துமாறு பெரும் பிரசாரம் நடைபெற்றது. அதற்கு முன்னர் குப்புறக் கிடத்தும் வழக்கம் பரவலாக இருந்தது. பிரசாரத்தின் பின்னர், தொட்டிலில் திடீரென இறக்கும் குழந்தைகளின் தொகை வேகமாக வீழ்ந்தது. ஆகவே ஏணை கட்டுமாறோ மடியிலேயே நெடுநேரம் தூங்க வைக்குமாறோ நேர்சரியைக் கேட்பதிற் பயனில்லை. அவர்கள் அதனைச் செய்யமாட்டார்கள். செய்யவும் கூடாது.

ஏணையை நாம் பழிக்க வரவில்லை. எம்மில் பெரும்பாலோர் அதிலே வளர்ந்தவர்கள். ஆயினும், துணி வளைந்து தொங்குமிடத்தில் குழந்தையின் தாடை நெஞ்சோடு அழுந்தி மூச்சு தடைப்படலாம் என்பதும், அது இன்றைய வழிகாட்டலுக்கு ஒவ்வாதது என்பதும் உண்மை. வீட்டில் ஏணை உள்ளவர்கள் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

கட்டிலில் இட்டதும் குழந்தை நித்திரையாகிவிட்டாற்கூட இன்னொரு வேறுபாடு எஞ்சியிருக்கின்றது. குழந்தையின் நித்திரை ஒரே சீராக ஓடுவதில்லை. ஏறத்தாழ ஐம்பது நிமிடத்திற்கு ஒரு சுற்றாக அது ஆழ்ந்து, பின் மேலெழுந்து வருகின்றது. மேலெழும் வேளையில் குழந்தை நெளியும், முனகும். வீட்டில் அத்தருணத்தில் யாராவது ஏணையை இரண்டு முறை ஆட்டிவிடுவர். குழந்தை விழித்ததை அறியாமலேயே அடுத்த சுற்றுக்குப் போய்விடும். ஒன்றேகால் மணி, ஒன்றரை மணி நேரமென வீட்டுப் பகல் நித்திரை நீள்வதன் இரகசியம் இதுவே. நேர்சரியில் இரண்டு வயதிற்குட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்பது சட்ட அளவு. முனகும் வேளையில் அவர் மற்றொரு குழந்தைக்கு உணவூட்டிக்கொண்டிருப்பார். அறையில் வெளிச்சமும் இருக்கும், பிற பிள்ளைகளின் குரலும் இருக்கும். குழந்தை முழுதாக விழித்துவிடுகின்றது. முப்பத்தைந்து, நாற்பது நிமிடத்துடன் நித்திரை முடிந்துவிட்டது என்று குறிப்பேட்டில் எழுதப்படுகின்றது. இதைப் பார்த்துப் பராமரிப்பில் குறை என்று முடிவு செய்வது பெரும்பாலும் நியாயமன்று.

ஒரு நாளின் கணக்கு

விளக்கத்திற்காக ஒரு பத்து மாதப் பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். பெற்றோர் ஈஸ்ட்ஹாமில் வசிக்கின்றனர். தாய் அலுவலகமொன்றில் பணிபுரிகின்றார். தகப்பனுக்குக் கடையிலே இரவு எட்டு மணி வரை வேலை.

தாய் வீட்டிலிருந்த காலத்தில் குழந்தை காலை 7 மணிக்கு எழும்பும். 9.30 முதல் 10.45 வரை முதல் நித்திரை. பிற்பகல் 2 முதல் 3.30 வரை இரண்டாவது. இரவு 8 மணிக்குப் படுக்கை. பகல் நித்திரை இரண்டே முக்கால் மணி நேரம், இரவு பதினொரு மணி நேரம், ஆக மொத்தம் பதின்மூன்றே முக்கால். நான்கு மாதத்திலிருந்து ஒரு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரம் நித்திரை தேவை என்பது 2016இல் அமெரிக்க நித்திரை மருத்துவ அறிஞர்கள் வகுத்த அளவு. எமது குழந்தை அதற்குள் நன்றாகவே அடங்குகின்றது.

நேர்சரி நாளில் காலை 6.30க்கே எழுப்ப வேண்டியுள்ளது. அங்கே 9.45 முதல் 10.20 வரை ஒரு நித்திரை, 1 மணி முதல் 1.40 வரை மற்றொன்று. மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். 5.30க்குத் தாய் பிள்ளையை எடுக்கின்றார். பஸ்ஸில் 5.45க்குக் குழந்தை கண்ணயர்ந்து, 6.05க்கு வீட்டு வாசலில் விழிக்கின்றது. பாவம், களைத்துப்போனது, கொஞ்சம் தூங்கட்டுமே என்று தாய் எண்ணுகின்றார். வழக்கம்போல் 8 மணிக்குப் படுக்க வைத்தால் குழந்தை விளையாடுகின்றது, பின் அழுகின்றது. 9.15 வரை ஓயவில்லை. பிறகு 11 மணிக்கும், 1.30க்கும், 4 மணிக்கும் எழும்புகின்றது. இடையில் விழித்திருந்த நேரத்தைக் கழிக்காமலேயே பார்த்தாலும் அன்றைய மொத்த நித்திரை பத்து மணி ஐம்பது நிமிடம். ஏறத்தாழ மூன்று மணி நேரம் குறைவு. இப்படி ஐந்து நாள் நடந்தால் வெள்ளிக்கிழமை அக்குழந்தை எந்நிலையில் இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தாயின் நிலையும் அதுவே.

இங்கே நிகழ்ந்தது என்ன? நித்திரையை இரண்டு விசைகள் ஆள்கின்றன என்று சுவிற்சர்லாந்து அறிஞரான அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் விளக்கினார். ஒன்று உடலின் கடிகாரம். வெளிச்சமும் இருளும் அதனைத் திருப்பி வைக்கின்றன. மற்றது விழித்திருக்கும் நேரம் கூடக்கூட ஏறும் நித்திரைப் பசி. பெரியவர்களுக்கு அது மெதுவாக ஏறும், குழந்தைகளுக்கு விரைவாக ஏறும். சோற்றுக்கு முன் தின்ற முறுக்கு பசியைக் கெடுப்பது போல, பஸ்ஸில் கொண்ட இருபது நிமிடத் தூக்கம் இந்தப் பசியின் கூர்மையை மழுக்கிவிடுகின்றது. அது களைப்பைத் தீர்ப்பதுமில்லை. மறுபுறத்தில், மிஞ்சிக் களைத்த குழந்தையின் உடல் தன்னை விழிப்பாக வைத்திருக்க முயல்வதால், படுக்கையில் அது மந்தமாகாமல் துள்ளுகின்றது. எட்டு மணிக்குத் துள்ளும் குழந்தையைப் பார்த்து, இதற்கு இன்னும் நித்திரை வரவில்லை என்று கருதி ஒன்பதரை வரை விளையாட விடும் பெற்றோர் பலர். உண்மை நேர்மாறானது.

படுக்கை நேரத்தை முன்னே நகர்த்துதல்

வீட்டிலே கடைசிப் பகல் நித்திரைக்கும் இரவுப் படுக்கைக்கும் இடையில் நாலரை மணி நேரம் இருந்தது. அதுதான் இக்குழந்தை தாங்கும் அளவு. நேர்சரியில் கடைசி நித்திரை 1.40க்கு முடிந்தால், அதிலிருந்து நாலரை முதல் ஐந்து மணி நேரம் என்பது மாலை 6.10க்கும் 6.40க்கும் இடையில் வருகின்றது. ஆகவே நேர்சரி நாளில் படுக்கை நேரம் 8 மணியன்று. 6.45ஐத் தாண்டலாகாது. 6.45 முதல் காலை 6.30 வரை பதினொன்றே முக்கால் மணி, பகலில் ஒன்றேகால், ஆகப் பதின்மூன்று மணி நேரம் கிடைத்துவிடுகின்றது. நேர்சரியில் இழந்ததன் பெரும்பகுதியை இரவின் முன்பக்கத்திலே மீட்டுக்கொள்கின்றோம். நேர்சரியைத் திருத்தப் போராடுவதிலும் பார்க்க, எமது கையில் உள்ள இந்த ஒரு மணி நேரத்தைத் திருத்துவது இலகுவானது என்பது எமது கருத்து.

அந்த மாலை எப்படி அமையும்? 5.30க்குப் பிள்ளையை எடுத்ததும், இயலுமாயின் நேர்சரியிலேயே ஒரு மூலையில் அமர்ந்து பத்து நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் புறப்படலாம். பல இடங்களில் இதற்கு ஆட்சேபம் சொல்வதில்லை. பஸ்ஸில் குழந்தையின் முகம் தாயை நோக்கியிருக்க வேண்டும். வண்டியின் மேல்மூடியைத் திறந்துவிட்டுப் பேச்சுக் கொடுக்க வேண்டும். 6.05க்கு வீடு. மாலைச் சாப்பாடு நேர்சரியில் 4 மணியளவில் முடிந்திருக்கும். ஆகவே சிறிது சோறோ தயிரோ போதும். குளிப்பாட்டுவதை வேலை நாட்களில் விட்டுவிட்டு முகம், கை, கால் துடைத்தால் போதும். தினமும் தலைமுழுக வார்க்காவிட்டால் என்ன என்று அம்மம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தல் நல்லது. 6.30க்குப் பால், 6.45க்குப் படுக்கை.

இதற்கு ஒரு விலை உண்டு. தகப்பன் எட்டு மணிக்கு வரும்போது பிள்ளை உறங்கிக்கொண்டிருக்கும். முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் யாருக்காக உழைக்கின்றேன் என்று அவர் கேட்பார். கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும், எட்டு மணிக்கு எழுப்பிக் கொஞ்சுவதிலும் பார்க்கக் காலை 6.30 முதல் 7.15 வரையான நேரத்தைத் தகப்பனுக்கு ஒதுக்கிவிடுவது சிறந்தது. பிள்ளையை எழுப்பி, உடுப்பு மாற்றி, உணவூட்டுவது அவர் பொறுப்பாகட்டும். அந்த முக்கால் மணி நேரத்தில் தாயும் தன்னைத் தயார் செய்துகொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டு முழுவதும் ஆறு, ஆறரை மணியளவில் பொழுது சாய்ந்துவிடும். இலண்டனில் யூன் மாதத்தில் 9.20 வரை வெளிச்சம் நிற்கின்றது. வெயில் எரியும் அறையில் 6.45க்கு உடற்கடிகாரம் இரவென்று நம்பாது. தடித்த கருந்திரையொன்று இல்லாமல் கோடையில் மேற்கூறிய ஏற்பாடு பலிக்காது. திரை வாங்க வசதியற்றவர்கள் கண்ணாடியில் கறுத்தத் தாளை ஒட்டியும் சமாளிக்கலாம்.

பஸ் தூக்கத்தை எப்படியும் தடுக்க முடியாதவர்களும் உள்ளனர். வெம்பிளியில் வேலை, ஹரோவில் நேர்சரி, அங்கிருந்து வீடு இன்னுமொரு முக்கால் மணி நேரம் என்றிருந்தால் குழந்தை எப்படி விழித்திருக்கும்? அத்தகையோர் நேர்சரியிடம், மாலை 4 மணியளவில் பிள்ளையை வண்டியில் வைத்துப் பதினைந்து இருபது நிமிடம் உறங்க விட முடியுமா என்று கேட்டுப் பார்க்கலாம். 4.20க்கு முடியும் குறுந்தூக்கம் 7.15க்குப் படுக்க இடந்தரும். 6.05க்கு முடியும் தூக்கம் இடந்தராது.

இரவிற் குடிக்கும் பிள்ளை

படுக்கை நேரத்தை நகர்த்திய பின்னரும் குழந்தை இரவில் மும்முறை எழும்புகின்றது என்றால், காரணம் பாலாக இருக்கலாம். தாய்ப்பால் குடித்து வளர்ந்த பிள்ளைகளிற் சில, தாய் இல்லாத பகற்பொழுதில் புட்டியையோ கோப்பையையோ ஏற்க மறுத்து மிகக் குறைவாகவே குடிக்கின்றன. அந்தக் குறையை இரவில் தாயிடம் தீர்த்துக்கொள்கின்றன. பகலும் இரவும் இடம் மாறிவிடுகின்றன. இது பிடிவாதமன்று. பசியும், நாள் முழுக்கக் காணாத தாயை அடையும் ஆசையும் சேர்ந்த ஒன்று.

இதனை அறிய வழி உண்டு. நேர்சரிக் குறிப்பேட்டில் பகல் முழுவதும் குடித்த பால் ஐம்பது அறுபது மில்லிலீற்றர் என்றிருக்கும். இரவில் எழும்பும் குழந்தை பத்து நிமிடத்திற்கு மேல் ஆழமாக உறிஞ்சி, விழுங்கும் ஒலி கேட்கக் குடிக்கும். ஆறுதலுக்காக மட்டும் எழும்பும் குழந்தையோ இரண்டு நிமிடம் சப்பிவிட்டு உறங்கிவிடும். முதலாவது வகையாயின், காலை புறப்படு முன் ஒரு முழுப் பால், எடுத்த உடனே ஒன்று, படுக்கு முன் ஒன்று என மூன்றை உறுதிப்படுத்த வேண்டும். பத்து மாதத்தில் மூன்று வேளைத் திண்ம உணவும் உண்டு. நேர்சரி மதியத்தில் உப்புச் சப்பில்லாத கிழங்கு மசியலைப் பார்த்து முகஞ் சுளிக்கும் பிள்ளைக்கு, வீட்டிலும் அதே மாதிரி கிழங்கும் பட்டாணியும் சில நாள் கொடுத்துப் பழக்கினால் அங்கேயும் உண்ணத் தொடங்கும். பகலில் வயிறு நிரம்பத் தொடங்கினால், இரண்டு மூன்று வாரங்களில் இரவு விழிப்புகள் பெரும்பாலும் குறைந்து வரும்.

இரவு மூன்று மணிக்குச் சோபாவில் இருந்தபடி பால் கொடுத்துத் தாயும் கண்ணயர்ந்துவிடுதல் மிகவும் ஆபத்தானது. குழந்தைத் திடீர் மரணங்கள் பற்றி எச்சரிக்கும் லலபை ட்ரஸ்ட் என்னும் தொண்டு நிறுவனம் இதனை மீண்டும் மீண்டும் வலியுறுத்துகின்றது. களைத்த தாய் சோபாவை நாடவே கூடாது.

வேலைக்கு முந்திய மூன்று வாரங்கள்

முன்கூட்டித் தயார்படுத்த விரும்புவோர் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். இரவு எப்படி நடக்கின்றதோ அப்படியே இருக்கட்டும். காலை முதல் நித்திரையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வழமையாகப் பகல் நித்திரைகளுள் அதுதான் இலகுவாக வருவது. முதல் வாரத்தில் ஏணையிலோ மடியிலோ உறக்க நிலைக்கு வந்த குழந்தையை, கண் முழுதாக மூடு முன் கட்டிலில் மல்லாத்தி, நெஞ்சிலே கை வைத்துத் தாலாட்டைத் தொடருங்கள். இரண்டாம் வாரத்தில் மடியில் இருக்கும் நேரத்தைக் குறைத்து, கையின் மெல்லிய தட்டலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நேர்சரிப் பணியாளர் செய்யக்கூடியதும் அதுவே. ஒருநாள் பலிக்காவிட்டால் இருபது நிமிடத்தின் பின் விட்டுவிட்டுப் பழைய முறைப்படி உறங்க வையுங்கள். மறுநாள் மீண்டும் முயலலாம். இடத்திற்கு ஒரு முறை என்பதைக் குழந்தைகள் நன்றாகவே கற்றுக்கொள்கின்றன. வீட்டில் தாயின் மார்பிலும் நேர்சரியில் தட்டலிலும் உறங்கும் பிள்ளைகள் ஏராளம். ஆதலால் வீட்டுப் பழக்கம் முழுவதையும் அழிக்க வேண்டியதில்லை.

மூன்றாம் வாரம் நேர்சரிக்குப் பழகும் வாரம். முதலில் தாயுடன் ஒரு மணி நேரம், பிறகு தாயின்றி ஒரு மணி நேரம், பின்னர் மதிய உணவு வரை என்று நீட்டுவர். வேலை தொடங்கு முன் ஒரு பகல் நித்திரையாவது அங்கே நடந்து முடிந்திருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வேலை நாளும் முதல் நேர்சரி நித்திரையும் ஒரே நாளில் வருவது இருவருக்கும் கடினம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பான பணியாளர் ஒருவர் இருத்தல் சட்டப்படி கட்டாயம். அவரிடம் ஒரு சிறு தாள் கொடுங்கள். பிள்ளை கண்ணைக் கசக்கி எத்தனை நிமிடத்தில் அழத் தொடங்கும், எந்தப் பக்கம் தட்டினால் அடங்கும் என்பவற்றுடன், நித்திரை, பால், தண்ணீர், அம்மா வருவா ஆகிய சொற்களை ஆங்கில எழுத்தில் ஒலிக்கும்படி எழுதிக் கொடுங்கள். பத்து மாதக் குழந்தை பேசாவிடினும், "நித்திரை" என்ற சொல்லை அறியும். அந்நியமான அறையில் அச்சொல் ஒலிப்பது சிறு உதவியன்று. தாயின் சேலைத்துண்டைக் கட்டிலில் வைக்க அவர்கள் உடன்படமாட்டார்கள். அதற்குப் பதிலாக, கையில்லாத உறக்கப்பையைத் தாய் தன் உடுப்புகளோடு ஓரிரு நாள் வைத்திருந்து, தன் வாசனையுடன் அனுப்பலாம். அளவு சரியாக இருக்க வேண்டும். கழுத்துத் துவாரத்தினூடாகத் தலை உள்ளே நழுவக்கூடாது.

மாலையில், இன்று நன்றாகத் தூங்கியது என்ற பதிலோடு திருப்தியடையாதீர்கள். எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று கேளுங்கள். கடைசி நித்திரை முடிந்த நேரம் தெரியாமல் அன்றைய படுக்கை நேரத்தைக் கணிக்க முடியாது.

வேலையிடத்திலும் ஒரு வழி உண்டு. மகப்பேற்று விடுமுறையின்போதும் வருடாந்த விடுமுறை சேர்ந்துகொண்டே வரும். வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு ஓர் ஆண்டில் குறைந்தது 28 நாட்கள் சேரும். முதலாளி உடன்பட்டால் அவற்றைப் புதன்கிழமை தோறும் ஒரு நாளாக எடுக்கலாம். வாரத்தின் நடுவே ஒரு வீட்டு நாள் கிடைத்தால் குழந்தை வாரக் கடைசி வரை களைப்பைச் சுமக்க வேண்டியதில்லை. வேலை நேரத்தை மாற்றித்தரக் கோரும் உரிமை 2024 ஏப்ரல் 6 முதல், பணியிற் சேர்ந்த முதல் நாளிலிருந்தே எவருக்கும் உண்டு. முதலாளி இரண்டு மாதத்திற்குள் பதிலளிக்க வேண்டும்.

சனியும் ஞாயிறும்

வார இறுதியில் நேர்சரி அட்டவணையை வீட்டிலும் அப்படியே பின்பற்ற வேண்டுமா என்று கேட்கின்றனர். வேண்டியதில்லை என்பதே எமது பதில். காலையில் எழும்பும் நேரத்தையும் முதல் நித்திரை தொடங்கும் நேரத்தையும் அரை மணிக்குள் ஒத்ததாக வைத்துக்கொண்டால் உடற்கடிகாரம் குழம்பாது. நித்திரையின் நீளத்தைத் தடுக்க வேண்டாம். களைத்த குழந்தை சனிக்கிழமை இரண்டு மணி நேரம் உறங்குமாயின் உறங்கட்டும். இரண்டாவது நித்திரை மட்டும் 3.30க்கு முடிந்திருக்க வேண்டும். அன்றைக்குப் படுக்கை நேரம் 8 மணியாக இருப்பதில் தவறில்லை. பிறந்தநாள் விழா, கோயில், கலியாண வீடு என்று ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்புவதுதான் தீங்கு. திங்கட்கிழமை அதன் பலனை நேர்சரிப் பணியாளரும் பிள்ளையும் அனுபவிக்கின்றனர்.

மறுவகைச் சிக்கல்

ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைகள் பெரிய அறைக்கு மாற்றப்படும்போது காலை நித்திரை நிறுத்தப்பட்டு, மதிய உணவின் பின் ஒரே நித்திரை என்றாகிவிடுவதுண்டு. பெரும்பாலான பிள்ளைகள் பதினான்கு மாதத்திற்கும் பதினெட்டு மாதத்திற்கும் இடையிலேயே தாமாக ஒற்றை நித்திரைக்கு மாறும். பதின்மூன்று மாதத்தில் மாற்றினால் 11 மணிக்கே சாப்பாட்டு மேசையிற் சாயும். அப்படியாயின், இன்னும் ஒரு மாதத்திற்குக் காலையில் இருபது நிமிடம் தருமாறு பொறுப்புப் பணியாளரிடம் எழுத்தில் கேளுங்கள். சைல்ட்மைண்டரிடம் விடுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவர்களிடம் பிள்ளைகள் சிலரே இருப்பதால் ஒவ்வொருவரின் நேரத்திற்கும் ஏற்ப வளைந்து கொடுப்பர்.

இரண்டு வயதைத் தாண்டினால் நிலை தலைகீழாகின்றது. இருண்ட அறையில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து உறங்கும்போது, வீட்டில் பகல் நித்திரையையே விட்டுவிட்ட பிள்ளையும் இரண்டு மணி நேரம் உறங்கிவிடும். இரவு பத்து மணி வரை அதற்கு நித்திரை வராது. அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2015இல் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, இரண்டு வயதின் பின்னரான பகல் நித்திரையும் இரவில் தாமதமாக உறங்குவதும் சேர்ந்தே காணப்படுவதைக் கண்டனர். இத்தகைய பிள்ளைக்கு நித்திரையை அடியோடு நிறுத்துமாறு கேட்காமல், 45 நிமிடத்தில் எழுப்புமாறோ, 2 மணிக்கு முன் முடிக்குமாறோ கேட்டு, இரண்டு வாரம் பார்க்கலாம். முதற் சில நாட்கள் மாலை 5 மணிக்குப் பிள்ளை சிணுங்கும். அது எதிர்பார்க்க வேண்டியதே.

எப்போது உதவி நாடுவது?

முதல் நான்கு வாரங்கள் குழப்பமாகவே இருக்கும். முதற் குளிர்காலத்தில் தடிமனும் காய்ச்சலும் மாறி மாறி வந்து, திருந்தி வந்த நித்திரையைக் கலைத்துவிடும். நோய் மாறியதும் பழைய ஒழுங்கிற்கு மீளலாம். நித்திரைக்காக ஒவ்வாமை மருந்தையோ காய்ச்சல் மருந்தையோ பருக்கும் வழக்கம் ஆபத்தானது. ஆறு வாரம் கடந்தும் பிள்ளை நேர்சரியில் பெரும்பகுதி நேரம் அழுதுகொண்டிருந்தால், அல்லது நிறை கூடாமலிருந்தால், பகுதி ஹெல்த் விசிற்றரை நாடுங்கள். ஒன்பது மாதத்திற்கும் பன்னிரண்டு மாதத்திற்கும் இடையில் அவர் செய்யும் வளர்ச்சிப் பரிசோதனை பெரும்பாலும் வேலைக்குத் திரும்பும் காலத்திலேயே வருவதால், அன்றே நித்திரை பற்றியும் கேட்கலாம். தமிழில் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்று நேரம் குறிக்கும்போதே சொல்லுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பாடசாலை செல்லும் மூத்த பிள்ளையை அதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

ஒவ்வோர் இரவும் உரத்த குறட்டை விட்டு, இடையிடையே மூச்சு நின்று பின் திடுக்கிட்டுத் தொடரும் பிள்ளையாயின் நேர்சரி அட்டவணையை ஆராய்ந்து காலம் போக்காமல் ஜீ.பீ.யிடம் செல்ல வேண்டும். தொண்டைச் சதை பெருத்து மூச்சை அடைப்பது அதற்குக் காரணமாக இருக்கக்கூடும். குறட்டையையும் மூச்சு நிற்பதையும் கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் படம்பிடித்துச் சென்று காட்டினால், ஆங்கிலத்தில் விளக்கச் சிரமப்படும் பெற்றோருக்கும் மருத்துவருக்கும் அது பெரிதும் உதவும்.